‘மினிமம்’ கட்டினால் போதுமா?
முதல் சம்பளம் வாங்கப்போகும் இறுதியாண்டு மாணவர்களுக்கு



உங்களில் சிலருக்கு வேலை ஆணை ஏற்கெனவே கைக்கு வந்திருக்கும். மற்றவர்களுக்கு இன்னும் சில மாதங்களில் வரும். வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே நிறுவனம் சொல்லும் வங்கியில் சம்பளக் கணக்குத் தொடங்கச் சொல்வார்கள். அந்தப் படிவங்களோடு படிவமாகக் கிரெடிட் கார்டு விண்ணப்பமும் உங்கள் முன்னால் வந்து உட்காரும். “லைஃப்டைம் ஃப்ரீ, ஒரு கையெழுத்து போட்டா போதும்” என்பார்கள். இரண்டு மூன்று சம்பளம் ஏறியதும் தொலைபேசி அழைப்புகள் தொடங்கும். நீங்கள் கேட்காமலேயே கடன் உங்களைத் தேடிவரும் காலம் அது.

வங்கியின் கடன் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். கார்டே வாங்காதீர்கள் என்று சொல்ல இந்த மடலை எழுதவில்லை. மாதாமாதம் பில் தொகை முழுவதையும் கெடு தேதிக்குள் கட்டுகிறவருக்குக் கார்டில் வட்டி கிடையாது. ஏறக்குறைய ஒன்றரை மாதம் வரை இலவசத் தவணை கிடைக்கிறது. அவருக்கு அது நல்ல வசதிதான். பெரிய ஆபத்து கார்டில் ஓர் இடத்தில் இருக்கிறது. அதைப் பற்றித்தான் முதலில் உங்களோடு விரிவாகப் பேச வேண்டும்.

கார்டு பில்லில் இரண்டு தொகைகள் இருக்கும். ஒன்று ‘டோட்டல் அமவுண்ட் டியூ’, அதாவது நீங்கள் தர வேண்டிய மொத்தம். அதன் பக்கத்திலேயே ‘மினிமம் அமவுண்ட் டியூ’ என்று இன்னொன்று. மொத்தம் 40,000 ரூபாய் என்றால் மினிமம் பெரும்பாலும் 2,000 ரூபாயை ஒட்டி இருக்கும். பல கார்டுகளில் அது நிலுவையில் 5 சதவீதம். மாதக் கடைசியில் கையில் காசு இல்லாத ஒருவருக்கு அந்தச் சின்னத் தொகை பெரிய நிம்மதியைத் தரும். 2,000 கட்டிவிட்டால் இந்த மாதக் கடமை முடிந்தது என்றே தோன்றும். உண்மையில் அந்தத் தொகையைக் கட்டுவதால் கிடைப்பது இவ்வளவுதான்: தாமதக் கட்டணம் விழாது, கணக்கு தவறியதாகப் பதிவாகாது. மீதி 38,000 ரூபாய்க்கு வட்டி ஓடத் தொடங்கிவிடும்.

அந்த வட்டி எவ்வளவு? கார்டுக்குக் கார்டு மாறும் என்றாலும், மாதம் 3.5 சதவீதத்தை ஒட்டிய வட்டி இங்கே சாதாரணம். ஆண்டுக்கு 42 சதவீதம். அந்த வட்டியின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. இரண்டையும் சேர்த்தால் மாதம் 4.13 சதவீதம். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் நாலு வட்டிக்கும் மேல். ‘ரெண்டு வட்டி’ என்றாலே உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யோசிப்பார்கள். ‘மூணு வட்டி’ என்றால் வேண்டாம் என்று எழுந்து வந்துவிடுவார்கள். வங்கியில் நகையை வைத்தால் ஒரு வட்டிக்குச் சற்றுக் கூடக்குறையக் கடன் கிடைக்கும். அந்த வீட்டுப் பிள்ளை, குளிரூட்டிய அலுவலகத்தில் உட்கார்ந்து, கைபேசியில் ஒரு பொத்தானைத் தட்டி நாலு வட்டிக்குக் கடன் வாங்குகிறான். ‘வட்டி’ என்ற பேச்சு அங்கே எழாததால் அது கடனாகவே அவனுக்குத் தெரிவதில்லை.

இதற்கு அரசோ நீதிமன்றமோ உச்சவரம்பு வைக்காதா என்று கேட்பீர்கள். கார்டு நிலுவைக்கு ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொன்னது. அந்த உத்தரவை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. வரம்பை வேறு யாரும் வைக்கப்போவதில்லை. நீங்கள்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். விழுப்புரம் பக்கத்திலிருந்து சென்னைக்கு வேலைக்கு வந்த ஒரு தம்பியை நினைத்துக்கொள்ளுங்கள். வேலை ஆணையில் ஆண்டுக்கு 3.6 லட்சம். மாதம் 30,000 என்று அவன் கணக்குப் போட்டிருப்பான். வருங்கால வைப்பு நிதியில் அவன் பங்கும் நிறுவனத்தின் பங்கும், பணிக்கொடை, காப்பீடு, தொழில் வரி எல்லாம் போக வங்கியில் ஏறுவது 25,000. அறை வாடகையும் சாப்பாடும் 9,000. வீட்டுக்கு 7,000. பஸ், ரயில், ஃபோன், சில்லறைச் செலவு 4,000. மாதம் 5,000 மிஞ்சுகிறது. மோசமில்லாத நிலைமைதான்.

மூன்றாவது மாதம் அவனுக்குக் கார்டு வருகிறது, வரம்பு 75,000. 40,000 ரூபாய்க்கு ஒரு ஃபோன் வாங்குகிறான். பில் வருகிறது. 40,000 அவனிடம் இல்லை, இனி மினிமம் மட்டும் கட்டுவது என்று முடிவுசெய்கிறான். வேறு எதற்குமே அந்தக் கார்டைத் தேய்க்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஒரு மாத வட்டி 1,400, அதன் ஜி.எஸ்.டி. 252. ஆக 41,652 நிலுவை. அதில் 5 சதவீதம், 2,083 ரூபாய், கட்டுகிறான். கட்டிய 2,083-இல் 1,652 வட்டிக்கும் வரிக்கும் போய்விட்டது. அசலில் கழிந்தது 431 ரூபாய்.

இப்படியே ஒரு மாதம்கூடத் தவறாமல் ஓராண்டு கட்டினால் என்ன ஆகும்? அவன் மொத்தம் கட்டியது ஏறக்குறைய 23,500 ரூபாய். பாக்கி எவ்வளவு தெரியுமா? 35,000 ரூபாய்க்கும் சற்று மேல். 23,500 கட்டியும் கடன் 5,000 ரூபாய்கூடக் குறையவில்லை. நிலுவை குறையக் குறைய மினிமமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதால், கடன் பாதியாக ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதற்குள் அந்த ஃபோன் பழசாகி, அவன் அடுத்த ஃபோனும் வாங்கியிருப்பான். ஒரு மாதமும் தவணை தவறாத, ஒழுங்கான பையனின் கணக்கு இது என்பதை மனத்தில் வையுங்கள்.

மினிமம் அந்த மாத வட்டியையும் கட்டணங்களையுமாவது மூட வேண்டும், கட்டக் கட்டக் கடன் வளர்ந்துகொண்டே போகக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கடன் வளராது என்பதற்குத்தான் அதில் உறுதி. சீக்கிரம் தீரும் என்பதற்கு இல்லை. மினிமம் மட்டுமே கட்டிவந்தால் திருப்பிச் செலுத்துவது மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் இழுக்கும், வட்டி கூடிக்கொண்டே போகும் என்று பில்லிலேயே எச்சரிக்க வேண்டும் என்றும் அதே வங்கி 2022-இல் கட்டளையிட்டிருக்கிறது. உங்கள் பில்லில் அந்த வாசகம் இருக்கும். ஆனால் பெரும்பாலோர் பில்லைத் திறப்பதே இல்லை. குறுஞ்செய்தியில் வரும் இரண்டு தொகைகளை மட்டும் பார்த்துவிட்டுக் கட்டுகிறார்கள்.

அதே தம்பி மாதம் 4,000 கட்டியிருந்தால் கதை வேறு. பதினான்காம் மாதத்தில் கடன் தீரும். மொத்தம் கட்டுவது சுமார் 52,700. ஃபோனுக்கு மேல் 12,700 ரூபாய் போனாலும் முடிவு கண்ணுக்குத் தெரிகிறது. பழைய ஃபோனையே வைத்துக்கொண்டு அந்த 4,000-த்தைப் பத்து மாதம் சேர்த்திருந்தால், அதே ஃபோன் 40,000 ரூபாய்க்கே கிடைத்திருக்கும். சம்பளமும் அதுதான், பொருளும் அதுதான், மாதம் ஒதுக்கும் தொகையும் அதுதான். கடனா சேமிப்பா என்ற வரிசை மாறியதால் வந்த வித்தியாசம் 12,700 ரூபாய்.

இதைவிட நுட்பமான ஒரு பள்ளம் இருக்கிறது. நன்றாகக் கணக்குப் பார்ப்பவர்கள்கூட விழுவது இதில்தான். ஜூன் 5-ஆம் தேதி 20,000 ரூபாய்க்கு ஒரு பொருள் வாங்குகிறீர்கள். ஜூன் 20-இல் பில். ஜூலை 10 கெடு. அன்று உங்கள் கையில் 19,000 இருக்கிறது. ஆயிரம்தானே, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று 19,000 கட்டுகிறீர்கள். அந்த ஆயிரத்துக்கு மட்டும் வட்டி விழும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் சில கார்டுகளின் விதிமுறைப்படி, முழுத் தொகையையும் கட்டாவிட்டால் அந்த இலவசத் தவணையே ரத்து. வாங்கிய ஜூன் 5-இலிருந்து ஜூலை 10 வரை முப்பத்தைந்து நாளுக்கு 20,000 முழுவதற்கும் வட்டி. அதன்பிறகு ஆயிரத்துக்கு வட்டி. ஜூலை 20-ஆம் தேதி பில்லில் வட்டியும் வரியுமாக ஏறக்குறைய 960 ரூபாய் நிற்கும். ஆயிரம் ரூபாயைத் தள்ளிப்போட்டதற்கு விலை இன்னோர் ஆயிரம்.

அதோடு முடிவதில்லை. பாக்கி இருக்கும்வரை, புதிதாக வாங்கும் எதற்கும் இலவசத் தவணை கிடையாது. அந்த மாதம் கார்டில் போட்ட மளிகைக்கும் பெட்ரோலுக்கும் வாங்கிய அன்றிலிருந்தே வட்டி ஓடும். ஏ.டி.எம்.மில் கிரெடிட் கார்டைப் போட்டுப் பணம் எடுத்தால், பாக்கி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எடுத்த நாளிலிருந்தே வட்டி, அதற்கு மேல் தனிக் கட்டணம். அவசரம் என்று அந்தப் பக்கம் போகாதீர்கள்.

உங்கள் கார்டில் இவையெல்லாம் எப்படி என்று தெரிந்துகொள்ள, கார்டோடு வரும் மிக முக்கிய விதிமுறைகள் அடங்கிய தாளைப் படியுங்கள். அதில் வட்டி எந்த நாளிலிருந்து ஓடும் என்பதை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கோடு போட்டிருப்பார்கள். தேர்வுக்கு அத்தனை பக்கம் படித்தவர்கள் நீங்கள். அந்த ஒரு கணக்கைத் தாளும் பேனாவுமாக ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

அடுத்து, வரம்பு. உங்கள் கார்டு வரம்பு 75,000 என்றால் அது உங்களால் தாங்க முடிந்த தொகை என்று பொருளில்லை. உங்கள் சம்பளத்தையும் கடன் வரலாற்றையும் வைத்து, இவ்வளவு வரை கொடுத்தால் நமக்குக் கட்டுப்படியாகும் என்று வங்கி போட்ட கணக்கு அது. உங்கள் வீட்டு வாடகை, அப்பாவின் மருந்துச் செலவு, தங்கையின் கல்லூரிக் கட்டணம் எதுவும் அந்தக் கணக்கில் இல்லை. உங்கள் எல்லை அந்த மாதம் சேமிக்கப்போகும் தொகை மட்டுமே. மாதம் 5,000 மிஞ்சும் தம்பிக்கு 75,000 வரம்பு எதற்கு? 20,000 போதும் என்று அவனே கேட்டுக் குறைத்துக்கொள்ளலாம். பல வங்கிகளின் செயலியிலேயே அதற்கு வழி உண்டு. வரம்பை உயர்த்தித் தருகிறோம் என்று வந்தால் உங்கள் சம்மதம் இல்லாமல் அவர்கள் உயர்த்தக் கூடாது. கேட்காத கார்டை அனுப்பவும் கூடாது.

நண்பர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். “மச்சி, உன் கார்டுல தேய்ச்சுக்கிறேன், அடுத்த மாசம் கொடுத்துடறேன்” என்று அறைத் தோழன் கேட்பான். அவன் நல்லவனாகவே இருப்பான். அடுத்த மாதம் அவனுக்கும் முடியாமல் போகும். வங்கிக்குத் தெரிந்தது உங்கள் பெயர் மட்டும்தான். உதவ வேண்டும் என்றால் கையில் இருக்கும் காசைக் கொடுங்கள். கொடுக்கக் காசு இல்லை என்றால், கார்டு வழியாகவும் உங்களிடம் இல்லை என்றே அர்த்தம்.

கார்டு கிடைக்காதவர்களுக்குக் கைபேசிச் செயலிகள் ஐந்து நிமிடத்தில் கடன் தருகின்றன. அங்கே பார்க்க வேண்டியது கைக்கு வரும் தொகையும் திருப்பித் தர வேண்டிய தொகையும்தான். 10,000 ரூபாய்க் கடன், முப்பது நாள் தவணை, வட்டி வெறும் 250 என்று காட்டும். செயல்முறைக் கட்டணம் 500-ம் அதன் வரி 90-ம் முதலிலேயே பிடித்துக்கொண்டால் கைக்கு வருவது 9,410. திருப்பித் தருவது 10,250. ஒரே மாதத்தில் 840 ரூபாய்; ஏறக்குறைய ஒன்பது வட்டி. கடன் தருமுன் எல்லாச் செலவும் அடங்கிய ஆண்டு வட்டி விகிதத்தை ‘கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்’ என்ற தாளில் காட்டியாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்தத் தாள் இல்லையென்றாலோ, உங்கள் தொடர்பு எண்களையும் படங்களையும் பார்க்க அனுமதி கேட்டாலோ, செயலியை அங்கேயே நீக்கிவிடுங்கள். அப்படி அனுமதி கேட்பதே விதிமீறல். நாளைக்கு உங்கள் உறவினர்களுக்கு ஃபோன் போட்டு அவமானப்படுத்துவதற்கான முதல் படியும் அதுதான்.

ஒருவர் வழுக்கத் தொடங்கிவிட்டார் என்பதற்கு நான் பார்த்த அடையாளங்கள் எளியவை. தொடர்ந்து இரண்டு மாதம் முழுத் தொகை கட்ட முடியாமல் போவது முதல் அடையாளம். ஒரு கார்டின் பாக்கியைக் கட்ட இன்னொரு கார்டையோ செயலியையோ நாடுவது இரண்டாவது. இந்த இரண்டாவது கட்டத்தில் ஆண்களும் பெண்களும் செய்வது ஒன்றுதான்: வீட்டில் மறைப்பது. மறைக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் நாலு வட்டி ஏறுகிறது.

அந்த நிலைமை வந்துவிட்டால் முதலில் கார்டில் எதையும் வாங்குவதை நிறுத்துங்கள். பிறகு வட்டியை இறக்கப் பாருங்கள். அந்த 40,000 பாக்கியை ஆண்டுக்கு 16 சதவீதத்தில் ஒரு தனிநபர் கடனாக மாற்ற முடிந்தால், மாதம் ஏறக்குறைய 3,630 ரூபாய் வீதம் பன்னிரண்டு மாதத்தில் தீர்ந்துவிடும். வட்டி 3,600 ரூபாய்க்குள். மினிமம் கட்டிக்கொண்டே போனால் அதே பன்னிரண்டு மாதத்தில் வட்டியும் வரியும் 18,000-த்தைத் தாண்டும், கடனும் பெரும்பாலும் அப்படியே நிற்கும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்கு அந்த வட்டியில் கடன் கிடைக்காமலும் போகலாம். அப்போது வீட்டில் சொல்லுங்கள். அம்மாவின் வளையல் ஒரு வருடம் வங்கியில் இருப்பது வருத்தம்தான். ஆனாலும் நாலு வட்டியிலிருந்து ஒரு வட்டிக்கு இறங்க நம் குடும்பங்களுக்குத் தெரிந்த வழி அது. எந்த வழியில் மாற்றினாலும், பாக்கியைக் கட்டியதும் கார்டை மூடிவிடுங்கள். மூடாவிட்டால் ஆறு மாதத்தில் புதுக் கடனும் இருக்கும், கார்டும் மறுபடி நிறைந்திருக்கும். பாக்கி இல்லாத கார்டை மூடச் சொல்லி எழுதினால் ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும்.

வசூலிப்பவர் ஒரு தொகையைச் சொல்லி, அதைக் கட்டினால் ‘செட்டில்’ பண்ணிவிடலாம் என்பார். பாதிக் கடன் தள்ளுபடி என்று மகிழ்ந்துவிடாதீர்கள். சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களின் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்ற குறிப்பு விழும். முழுவதும் கட்டவில்லை என்று அதற்குப் பொருள். சில ஆண்டுகள் கழித்து வீட்டுக்கடன் கேட்டுப் போகும்போது அந்த ஒரு சொல் முன்னால் வந்து நிற்கும். வேறு வழியே இல்லாதபோது மட்டும் அதற்குச் சம்மதியுங்கள். வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பிறகும் அழைக்கக் கூடாது என்பதும் விதி. மீறினால் முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். முப்பது நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் முறையிடலாம், கட்டணம் கிடையாது.

இப்போது முதல் சம்பளத்துக்கு வருவோம். கார்டு வாங்குவதாக இருந்தால், முதலில் மூன்று மாதச் சம்பளம் வரட்டும். எவ்வளவு மிஞ்சுகிறது என்பது அதற்குள் உங்களுக்கே தெரிந்துவிடும். வீட்டுக்கு அனுப்புவதையும் சேமிப்பையும் சம்பளம் ஏறிய மறுநாளே கணக்கிலிருந்து போகும்படி செய்யுங்கள். கார்டு வந்ததும் ஆட்டோபே வசதியைப் பதிவுசெய்வீர்கள். அந்தப் படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருக்கும்: மொத்தத் தொகையா, மினிமமா என்று. அவசரத்தில் மினிமத்தை டிக் செய்தவர்கள், ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்ற நம்பிக்கையிலேயே மாதக்கணக்கில் வட்டி கொடுக்கிறார்கள். ‘டோட்டல் அமவுண்ட் டியூ’ என்பதையே தேர்ந்தெடுங்கள். அந்த மாதம் அத்தனை பணமும் கணக்கிலிருந்து போகும் என்று தெரிந்தால், கடையில் கார்டை எடுக்கும்போதே கை கணக்குப் போடத் தொடங்கும்.

இந்த மடலைப் படித்த கையோடு ஒன்று செய்யுங்கள். உங்கள் துறையிலிருந்து போன ஆண்டு வேலைக்குப் போன அண்ணன் ஒருவரையோ அக்கா ஒருவரையோ கேட்டு, அவருடைய கார்டு பில்லை வாங்கிப் பாருங்கள். மொத்தம் எவ்வளவு, மினிமம் எவ்வளவு, வட்டி என்று எவ்வளவு போட்டிருக்கிறது என்று அவரோடு உட்கார்ந்து படியுங்கள். வட்டி என்ற இடத்தில் பூஜ்யம் இருந்தால், அவர் எப்படிச் சமாளிக்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு தொகை இருந்தால், கணக்கை அவருக்கும் போட்டுக் காட்டுங்கள். உங்கள் முதல் சம்பளம் வருவதற்குள் அவர் கடனிலிருந்து வெளியே வரத் தொடங்கியிருப்பார்.

அன்புடன்,
வங்கிக் கடன் பிரிவில் பணியாற்றிய ஒருவர்